உட்கார்ந்து பார்த்தீர்களா?

ஞாயிற்றுக்கிழமை குரூப்பில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது எதைப் பற்றி என்று தெரியும். பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். "அடுத்தவர் வீட்டுக்கு ஷார்ட்ஸில் வருவது மரியாதை இல்லை" என்று குரூப்பில் ஒருவர் பொதுவாக எழுதினாராம். பொதுவாக! அன்று காலை, இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க அவர் வீட்டுக்கு ஷார்ட்ஸில் போன ஒரே ஆள் நான்தான்.

சரி, உடையைப் பற்றியே பேசுவோம். ஷார்ட்ஸ் மரியாதையா இல்லையா என்பது கேள்வியே இல்லை. எவ்வளவு நீளம், என்ன துணி என்பதுதான் கேள்வி.

முதலில் நீளம். கவட்டைத் தையலிலிருந்து கீழ் ஓரம் வரை உள்பக்கமாக அளக்கிறார்களே, அந்த இன்சீம்தான் கணக்கு. நான் ஐந்தடி எட்டு அங்குலம். எனக்கு 8 அங்குல இன்சீம் என்றால் முழங்காலுக்குச் சுமார் இரண்டு அங்குலம் மேலே நிற்கும். 5 அங்குலம் ஓட்டப் பயிற்சிக்குச் சரி. கண்ணாடி முன் நின்றால் அதுவும் நன்றாகத்தான் தெரியும். கண்ணாடி முன் நாம் நிற்கிறோம், அடுத்தவர் வீட்டில் உட்காருகிறோம். தாழ்ந்த சோபாவில் உட்கார்ந்தால் துணி இடுப்புப் பக்கம் ஏறிவிடும். 8 அங்குல ஷார்ட்ஸ் ஏறினாலும் தொடை பெருமளவு மூடியிருக்கும். 5 அங்குல ஷார்ட்ஸ் ஏறினால் எதிரே இருப்பவர் ஜன்னலைப் பார்த்துப் பேச வேண்டியதுதான். அதனால் வாங்கும்போது போட்டுக்கொண்டு ஒருமுறை உட்காருங்கள். நடந்து பார்ப்பதெல்லாம் அப்புறம்.

அடுத்து துணி. என் மைத்துனர் ஒருவர், நல்ல மனிதர், வீட்டில் போடும் மெல்லிய பனியன் துணி ஷார்ட்ஸிலேயே தெருவுக்கு இறங்குவார். நீளம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் துணி உடம்போடு ஒட்டும். பையில் போனைப் போட்டதும் ஒரு பக்கம் தொங்கி, நடக்க நடக்கத் தொடையில் அடிக்கும். கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கம் பை மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். பின்னலாடைத் துணி இழுபடும், மெல்லியதாக இருந்தால் பழைய வடிவத்துக்கு உடனே திரும்பாது. அதே நீளத்தில் பருத்தி ட்வில், அதாவது சாய்கோடு தெரிகிற நெய்த துணி, தன் வடிவத்திலேயே நிற்கும். போன், சாவி எல்லாவற்றையும் தாங்கும். பின்னல் துணிதான் வேண்டும் என்றால் உள்பக்கம் வளையம் வளையமாக இருக்கும் லூப் நிட்டில், 250 ஜிஎஸ்எம் அளவில், அதாவது சதுர மீட்டர் துணிக்கு 250 கிராம் எடையில், கனமாக எடுங்கள். நாடாவை உள்ளே விடுங்கள், தயவுசெய்து.

டி-சர்ட்டுக்கு 180 ஜிஎஸ்எம் போதும்.  140 என்றால், அதுவும் வெள்ளையில், உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். கையை உள்ளே விட்டு வெளிச்சத்தில் பிடித்தால் புரிந்துவிடும். நீளம் இடுப்புப் பட்டியைத் தாண்டி ஒரு கை அகலம் இறங்கினால் போதும். கையைத் தூக்கினால் வயிறு தெரியக் கூடாது. ரொம்ப இறங்கி ஷார்ட்ஸையே மூடினால், கீழே எதுவும் போடவில்லையோ என்று பார்ப்பவர்கள் பயப்படுவார்கள். துவைத்ததும் சுருங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 28 அங்குலத்தில் ஐந்து சதவீதம் போனாலே கிட்டத்தட்ட ஒன்றரை அங்குலம் போச்சு.

"இவ்வளவு யோசிப்பதற்கு ஒரு பேண்ட் போடலாமே?" என்பீர்கள். போடலாம். சட்டையை இஸ்திரி போட்டு ஷூவும் போடலாம். நான் போனது ஏணி கொடுக்க, பெண் கேட்க அல்ல.

"பெரியவர்களுக்குச் சங்கடமாக இருக்காதா?" இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. வயதானவர்கள் இருக்கும் வீடு என்றால் நானே பேண்ட்தான். ஆனால் அன்று அந்த வீட்டில் இருந்தது அவர் மட்டும்தான், அவர் என்னைவிட இளையவர்.

அன்று அவர் போட்டிருந்தது என்ன தெரியுமா? பளபளக்கும் பாலியஸ்டர் ட்ராக் பேண்ட், முட்டி இரண்டும் புடைத்துப்போய். கூடவே கழுத்து ரிப் அலை அலையாக நெளிந்த, பக்கத் தையல் சுற்றிக்கொண்டு வயிற்றுக்கு வந்துவிட்ட ஒரு டி-சர்ட். ஆனால் கணுக்கால் வரை துணி இருந்ததே! மரியாதை முழுசாகக் கிடைத்துவிட்டது. எட்டு அங்குல ட்வில்லில், மடிப்புக் கலையாமல் போனவன்தான் ஒழுங்கு கெட்டவன்.

"ஒரு அரை டிரவுசருக்கு இவ்வளவு பெரிய பதிவா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: வாசலில் சிரித்துப் பேசியபோதே சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். பெயர் போடாமல் குரூப்பில் எழுதி, அதற்குக் கீழே என் வீட்டில் வந்து சாப்பிட்டவர்களே கைதட்டினால், நானும் இப்படித்தான் நீளமாக எழுதுவேன்.