“லைட் எரியுது தானே” என்று சொல்லிவிட்டுப் போறவங்களே!

ரவுட்டர் பூட்ட வாறவங்க மேல எனக்கு இருக்கிற கோவம் சும்மா வந்ததில்லை. கல்லடியில சித்தி வீட்டு ஹோல்ல ஃபைபர் பெட்டி இருக்கு. மேல்மாடிக்கு சிக்னல் ஏறாது என்று இன்னொரு ரவுட்டர் வாங்கினாங்க. பூட்ட வந்த கடைப் பொடியன் கீழ இருந்து வந்த வயரை மஞ்சள் துளை ஒன்றில செருகி, “லைட் எரியுது தானே அன்ரி” என்று சொல்லிட்டு, காசையும் வாங்கிட்டுப் போயிட்டான். இன்டர்நெட் உள்ள வாறதுக்கென்றே இருக்கிற, WAN என்று எழுதின நீலத்துளை பக்கத்திலேயே வெறுமையாக் கிடக்கு!

அதில செருகினா ஒன்றுமே வேலை செய்யாது என்றால் நான் இவ்வளவு கத்தமாட்டேன். அன்றைக்கே பிடிபட்டிருக்கும். ஆனா இது அரைகுறையா வேலை செய்யும். அதுதான் வயித்தெரிச்சல். தங்கச்சியின்ர போனில வீடியோ ஓடுது, அதே கதிரையில இருக்கிற சித்தப்பாட போனில வைஃபை அடையாளம் இருக்கு, இன்டர்நெட் இல்லை. மறுகா பின்னேரம் அவருக்கு வருது, டீவியில இல்லாமப் போகுது. சித்தப்பா போன் பழுது என்று விக்கவே வெளிக்கிட்டுட்டார்.

நடக்கிறது இதுதான். அந்த மஞ்சள் துளைக்குப் பேர் LAN, வீட்டுச் சாமான்களைப் பூட்டுற துளை. அதில செருகினதும் மேல் ரவுட்டரும் கீழ்ப் பெட்டியும் ஒரே வலையா ஆகிடும். வைஃபையில சேர வாற ஒவ்வொரு போனும் “எனக்கு ஒரு முகவரி தாங்க” என்று பொதுவாக் கேக்கும். அதுக்குப் பதில் சொல்ற வேலைக்குப் பேர் DHCP. இப்ப வீட்டில ரெண்டு பேர் பதில் சொல்றாங்க, ஒரே பஸ்ஸில ரெண்டு கொண்டக்டர் டிக்கட் கிழிக்கிற மாதிரி. கீழ்ப் பெட்டி 192.168.1 வரிசையில தருது, மேல் ரவுட்டர் 192.168.0 வரிசையில தருது. எது முந்துதோ அதைத்தான் போன் பெரும்பாலும் எடுக்கும். மேல் ரவுட்டர் சும்மாவும் விடாது, “வெளிய போற வாசல் நான்தான்” என்றும் சொல்லிவிடும். அதின்ர WAN துளையில வயரே இல்லாதப்போ எங்க போறது?

கரண்ட் போய் வந்தா இன்னும் மோசம். ஃபைபர் பெட்டி எழும்பி, லைன் பிடிச்சு முடிக்க நேரம் எடுக்கும். சின்ன ரவுட்டர் அதுக்கு முதல் எழும்பி எல்லாருக்கும் தன்ர முகவரியைக் குடுத்துடும். கொம்பனிக்கு எடுத்தா என்ன சொல்றாங்க? “பெட்டியை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க.” பண்ணினா பிழையான ஆள் மட்டும் விழிச்சிருக்கிறான், நல்லா இருந்த போனும் அவனிட்டப் போய் மாட்டுது. அவங்கட பக்கம் பாத்தா லைன் சுத்தம். அதுவும் பொய் இல்லை.

கண்டுபிடிக்க லைட்டை நம்பாதீங்க. எந்தத் துளையில செருகினாலும் அந்தத் துளைக்குரிய லைட் எரியும். வேலை செய்யாத போனில வைஃபை பேரைத் தட்டி, Gateway அல்லது Router என்று இருக்கிற நம்பரைப் பாருங்க. வேலை செய்யிற போனிலயும் பாருங்க. ரெண்டும் வேறயா இருந்தா கள்ளன் ஆப்பிட்டான். விண்டோஸ் கம்ப்யூட்டர் என்றால் Command Prompt ஐத் திறந்து ipconfig என்று அடிங்க, இப்படி வரும்:

```
ipconfig
Default Gateway . . . : 192.168.0.1
```

அந்த நம்பரை பிரவுசரில அடிச்சா மேல் ரவுட்டரின்ர பக்கம் திறக்கும். அங்க WAN IP க்கு நேர 0.0.0.0 என்று நிக்கும். இன்னும் சந்தேகமா? ரெண்டு பெட்டிக்கும் இடையில போற வயரைக் கழட்டி, கீழ்ப் பெட்டிக்குப் பக்கத்தில நின்று போனில வைஃபையை ஓஃப் பண்ணி ஓன் பண்ணுங்க. உடனே இன்டர்நெட் வந்தா வேற சாட்சி தேவையில்லை.

சித்தி வீட்டில நான் வயரை WAN துளைக்கு மாத்தி, கீழ்ப் பெட்டி தாற முகவரியையே அது எடுக்கிற மாதிரி Dynamic IP என்று வைச்சேன். இன்டர்நெட் வந்துட்டு. ஆனா மேல இருக்கிற போனுக்குக் கீழ இருக்கிற பிரிண்டர் தெரியேல்ல, ஏனென்றால் இப்ப அது ரெண்டு தனி வலை. அதால Operation Mode இல Access Point தெரிவுசெய்தேன். அந்த மோடில ரவுட்டர் முகவரி குடுக்கிற வேலையை விட்டுட்டு, கீழ்ப் பெட்டி சொல்றதை அப்படியே கடத்தும். DHCP யை நிப்பாட்டிட்டு, ரவுட்டரின்ர சொந்த முகவரியும் கீழ்ப் பெட்டியோட மோதாம இருந்தா, LAN துளையில செருகினாலும் குற்றமில்லை. அதைத் தெரிஞ்சு செய்யிறவங்களோட எனக்குச் சண்டையுமில்லை.

ஒன்று கவனம்: ரெண்டு பெட்டியும் 192.168.1.1 என்றே வந்தா நம்பரைப் பாத்துப் பிடிக்க ஏலாது. அப்ப வயரைக் கழட்டிப் பாக்கிறதுதான் லேசான வழி. சித்தப்பா இப்ப போனை விக்கேல்ல. அந்தப் பொடியனைத்தான் தேடுறார்.