மனை கைக்கு வருவதற்கு முன்பே கெடு முடிந்துவிட்டது

முப்பது வருஷம் வங்கியில் சிறுதொழில் கடன் பார்த்தவன் நான். அரசுத் தொழிற்பேட்டை மனையை அடமானமாகக் கொண்டுவந்த கோப்புகள் எத்தனையோ என் மேசையைத் தாண்டிப் போயிருக்கின்றன. ஆனால் அந்த ஒதுக்கீட்டு ஆணையில் இருக்கும் "24 மாதங்களுக்குள் உற்பத்தி தொடங்க வேண்டும்" என்ற வரி ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்தும் என்பது, என் மச்சினன் மனை வாங்கிய பிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. மனை கொடுத்தது எந்த நிறுவனம், மனை எந்த ஊரில் என்று எழுதப் போவதில்லை. அவன் இன்னும் அங்கேதான் தொழில் செய்கிறான்.

கோவை கணபதியில் வாடகை ஷெட்டில் மூன்று சி.என்.சி. மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தான். சொந்த இடம் வேண்டும் என்று விண்ணப்பித்து, ஒரு ஏக்கர் கிடைத்தது. விலை 60 லட்சம். விலை என்று நாம் சொன்னாலும் இது கிரயம் இல்லை, 99 வருடக் குத்தகை. அந்த 60 லட்சமும் ஒரே இனம் இல்லை. 36 லட்சம் மனைக்கான டெபாசிட், 24 லட்சம் மேம்பாட்டுக் கட்டணம். இந்தப் பிரிவினை எதற்கு என்பது நிறுவனம் மனையைத் திருப்பி எடுக்கும்போதுதான் தெரியும். டெபாசிட் பிடித்தம் போக வட்டியில்லாமல் திரும்பி வரும். மேம்பாட்டுக் கட்டணம் வராது. முத்திரைத்தாள், பதிவுச் செலவும் போனது போனதுதான். கட்டிய சுவரையும் நம் செலவிலேயே இடித்து அள்ள வேண்டும்.

ஆணை ஆகஸ்ட் 2021 தேதியிட்டது. ஆணை தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் கட்டுமானம் தொடங்க வேண்டும், 24 மாதத்துக்குள் உற்பத்தி தொடங்க வேண்டும் என்று அதில் இருந்தது. பணம் கட்ட 90 நாள் அவகாசம். நவம்பரில் கட்டி முடித்தான். குத்தகைப் பத்திரம் ஜனவரி 2022-இல் பதிவானது. சர்வேயர் வந்து கல் நட்டு மனையைக் கையில் கொடுத்தது மார்ச் 2022-இல்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டுமானம் தொடங்க வேண்டிய ஆறு மாதம் பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. மனை கைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே என் மச்சினன் நிபந்தனையை மீறியவன் ஆகிவிட்டான்! அன்றைக்கு அதை யாரும் கேட்கவில்லை. ஆனால் பின்னால் வந்த நோட்டீஸில் முதல் குற்றமாக எழுதியிருந்தது அதுதான்.

நடந்த இன்னொரு தவறுக்கு நானும் பொறுப்பு. கைக்கொடுப்புச் சான்றில் "எல்லா அடிப்படை வசதிகளும் செய்து தரப்பட்டுள்ளன" என்று அச்சடித்திருந்தது. மனைக்கு முன்னால் ஜல்லி கொட்டிய பாதைதான் இருந்தது, மின்கம்பம் ஒன்றுகூட இல்லை. "மாமா, கையெழுத்துப் போட்டுடலாமா?" என்று போனில் கேட்டான். "போட்டுடு மாப்பிள்ளை, கல்லு நட்டாச்சுல்ல" என்றேன். அந்தக் கையெழுத்துக்கு மேலேயே, "சாலை முடியவில்லை, மின்பாதை வரவில்லை" என்று சொந்தக் கையெழுத்தில் எழுதச் சொல்லி, நகலையும் தேதி போட்ட போட்டோவையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை வருஷ அனுபவம் இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

பிறகு கட்டட வரைபட ஒப்புதல், மாசுக்கட்டுப்பாட்டு வாரிய இசைவு எல்லாம் வரச் செப்டம்பர் ஆனது. குத்தகை உரிமையை வங்கியில் அடமானம் வைக்க மனை கொடுத்தவர்களிடம் தடையின்மைச் சான்று வேண்டும். அதற்கு இரண்டு மாதம். கடன் கிடைத்தது டிசம்பர் 2022-இல்.

அந்த டிசம்பரில் அவன் மனசு விட்டுப்போய், விற்றுவிடலாம் என்று சொன்னான். ஒருவர் 80 லட்சம் தருவதாகச் சொன்னார். 60-க்கு வாங்கியது 80-க்குப் போகிறதே என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. ஆனால் ஆணையின்படி உற்பத்தி தொடங்குமுன் பெயர் மாற்றினால், வாங்கிய விலைக்கும் அன்றைய விலைக்கும் உள்ள வித்தியாசத்தை முழுக்க நிறுவனத்துக்குக் கட்ட வேண்டும். அதற்குள் நிறுவனம் தன் மனை விலையை 95 லட்சமாக உயர்த்தியிருந்தது. வித்தியாசம் 35 லட்சம். 80-இல் அது போனால் கையில் நிற்பது 45. புரோக்கர் ஒரு வழி சொன்னார்: பிரைவேட் லிமிடெட் ஆக்கி, ஷேரை மாற்றிக் கொடுத்துவிட்டால் மனை அதே பெயரில் இருக்கும், கட்டணம் இல்லை என்று. ஆணையை எடுத்து வரிவரியாகப் படித்தேன். உற்பத்தி தொடங்கும்வரை ஒதுக்கீடு பெற்றவர்களிடமே 51 சதவீதம் இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் அதுவும் பெயர் மாற்றம்தான் என்று தெளிவாக இருந்தது. அந்த வழியில் போயிருந்தால் மறைத்ததாகச் சொல்லி ஒதுக்கீட்டையே ரத்து செய்திருக்கலாம்.

இந்த வித்தியாசத் தொகையை நான் எதிர்க்கவில்லை. விவசாயியிடம் கையகப்படுத்திய நிலத்தை வாங்கி, ஒரு செங்கல்கூட வைக்காமல் விலை ஏறக் காத்திருப்பவர்களை என் வேலையில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடமிருந்து மனையைப் பிடுங்கத்தான் வேண்டும். என் சண்டை முழுக்க, கெடு எந்த நாளில் தொடங்குகிறது என்பதில்தான்.

ஜனவரி 2023-இல் அஸ்திவாரம் போட்டான். ஜூலையில் கூரை முடிந்தது. மின்பாதை அந்தப் பகுதிக்கு வந்ததே ஜூன் 2023-இல்தான். ஆகஸ்டில் 24 மாதம் முடிந்தது, செப்டம்பரில் ஒதுக்கீட்டை ரத்து செய்வதாக நோட்டீஸ். ஷெட் நிற்கிறது, மெஷின் இறங்கிவிட்டது, கரண்ட் மட்டும் இல்லை. மின் இணைப்பு கிடைத்தது நவம்பரில்.

அந்த நோட்டீஸுக்கு முன் இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. "முன்னேற்றம் குறித்துத் தெரிவிக்கவும்" என்று சாதாரணமாக இருந்ததால் அவன் பதில் போடவில்லை. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உத்தரப் பிரதேசத் தொழில் வளர்ச்சிக் கழகம் சுல்தான்பூர் மாவட்டத்தில் கமலா நேரு நினைவு அறக்கட்டளைக்கு 2003-இல் ஒதுக்கிய 125 ஏக்கரை, பணம் கட்டாததற்காக 2007-இல் ரத்து செய்தது. விதிப்படி அடுத்தடுத்து மூன்று சட்ட நோட்டீஸ் வரவில்லை என்று அறக்கட்டளை வாதாடியது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தலைப்பு என்னவாக இருந்தாலும், என்ன மீறல், அதன் விளைவு என்ன என்று தெளிவாகச் சொல்லும் கடிதம் நோட்டீஸ்தான் என்றது. அவர்கள் வழக்கு பாக்கிப் பணம் பற்றியது, எங்களுடையது கட்டுமானம் பற்றியது. ஆனாலும் மனை கொடுத்தவர்களிடமிருந்து வரும் எந்தக் கடிதத்தையும் பதில் போடாமல் விடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

செப்டம்பர் நோட்டீஸுக்கு நானே உட்கார்ந்து பதில் எழுதினேன். மனை கைக்கு வந்த தேதி, மின்பாதை வந்த தேதி, மின்வாரியத்தில் பணம் கட்டிய ரசீது, கட்டட போட்டோ எல்லாம் இணைத்தோம். ரத்து நடவடிக்கையை நிறுத்திவிட்டார்கள். ஒரு வருடம் நீட்டிப்பு கொடுத்தார்கள், கட்டணம் மனை விலையில் 5 சதவீதம். அவன் கொடுத்த 60 லட்சத்தில் இல்லை, அன்றைய 95 லட்சத்தில். 4.75 லட்சம். மூன்று லட்சமாக இருந்திருக்க வேண்டியது, அவன் எதுவும் செய்யாமலே ஏறிவிட்டது.

நான் கேட்பது ஒரே ஒரு வரி மாற்றம். "ஆணை தேதியிலிருந்து" என்பதை எடுத்துவிட்டு, "மனை, சாலை, மின்பாதை இவற்றில் எது கடைசியாகக் கிடைக்கிறதோ அந்த நாளிலிருந்து" என்று போடுங்கள். இந்தக் கணக்கில் என் மச்சினனின் 24 மாதம் ஜூன் 2023-இல் தொடங்கியிருக்கும். அவன் உற்பத்தி தொடங்கியது மார்ச் 2024-இல், ஒன்பதே மாதத்தில். சும்மா போட்டு வைத்திருப்பவன் இந்தக் கெடுவிலும் மாட்டத்தான் செய்வான், மின்கம்பம் அவன் மனைக்கு முன்னாலும் நிற்குமே.

கட்டிய 4.75 லட்சத்தைத் திருப்பித் தரக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். இதுவரை பதில் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நினைவூட்டுக் கடிதத்தைத் தபாலில் அனுப்பி, ஒப்புகையைக் கோப்பில் சேர்த்துக்கொண்டே இருக்கிறேன்.