முதலில் தோராயம், அப்புறம்தான் கால்குலேட்டர்

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஐந்துக்கு வந்ததும் நம் பிள்ளைகள் கையில் கால்குலேட்டர் வந்துவிடுகிறது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ கணக்கிலும் இரண்டாம் தாளுக்கு அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அது காட்டும் விடை சரியாக இருக்குமா என்று பார்க்க எத்தனை பேர் சொல்லிக்கொடுக்கிறோம்?

போன வாரம் அக்கா மகளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். தேக்கா சந்தையில் இறால் கிலோ 19 வெள்ளி 50 காசு என்றால் 480 கிராம் எவ்வளவு? விறுவிறுவென்று அழுத்தி 93.6 என்று எழுதினாள். அரைக் கிலோவுக்கும் குறைவான இறாலுக்கு 93 வெள்ளியா என்று கேட்டேன். "கால்குலேட்டர் அப்படித்தான் காட்டுது சித்தி" என்றாள். 0.48 என்று அழுத்துவதற்குப் பதில் 4.8 என்று அழுத்தியிருந்தாள்.

தோராயமாக எவ்வளவு வரும் என்று எழுதச் சொன்னேன். 93.6-ஐப் பார்த்து 94 என்று எழுதினாள்! இதைத்தான் பல பிள்ளைகள் செய்கிறார்கள். வந்த விடையையே முழுமைப்படுத்திவிட்டு அதைத் தோராயம் என்கிறார்கள். அதில் பிழையும் கூடவே வந்துவிடுகிறது. அதனால் கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன்பே தோராயத்தை எழுத வைக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

அடுத்த சிக்கல், "அருகிலுள்ள முழு எண்" என்ற பழக்கம். அதன்படி 0.48 பூஜ்யமாகிவிடும், இறாலுக்குக் காசே வேண்டாம் என்றாகிவிடும். எந்த இடத்துக்கு முழுமைப்படுத்துவது என்பதை எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இங்கே பூஜ்யமில்லாத முதல் இலக்கம் 4. அந்த இடத்துக்கு முழுமைப்படுத்தினால் 0.5, அதாவது பாதி. 19.50-ஐ 20 ஆக்கலாம். இருபதில் பாதி பத்து.

இதோடு நிறுத்தாமல் இன்னொரு கேள்வியும் கேட்டேன்: உண்மையான விடை பத்துக்கு மேலா, கீழா? இரண்டு எண்ணையும் உயர்த்தித்தானே வைத்தோம், அப்படியானால் விடை பத்துக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்க வேண்டும். மறுபடி அழுத்தினாள், 9.36 வந்தது. இப்போது அந்த எண்ணை நம்ப அவளிடம் ஒரு காரணம் இருந்தது.

வகுத்தலில் இன்னும் கவனம் தேவை. 9.36-ஐ 0.48-ஆல் வகுத்தால் 19.5 வரும். வகுத்தால் எண் குறையும் என்றே பழகிய பிள்ளைக்கு இது தப்பாகத் தோன்றும். பத்து வெள்ளிக்குள் எத்தனை ஐம்பது காசு இருக்கிறது என்று கேளுங்கள், இருபது என்று உடனே சொல்லும்.

எல்லாப் பிழையும் இதில் சிக்காது. 19.5-க்குப் பதில் 18.5 என்று அழுத்தினால் 8.88 வரும். அதுவும் பத்துக்குக் கொஞ்சம் கீழேதான். அதற்கு எண்களை இடம் மாற்றி இன்னொரு முறை அழுத்திப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. தசமப் புள்ளி இடம் மாறியது, பெருக்கலுக்குப் பதில் வகுத்தல் குறியை அழுத்தியது போன்ற பெரிய பிழைகளைத்தான் தோராயம் பிடிக்கும்.

இப்போது அவள் நோட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் இடது ஓரத்தில் பென்சிலால் ஒரு எண் இருக்கும். அதை எழுதும்வரை கால்குலேட்டர் என் பக்கம்தான்.