கல்யாணத்துக்கு நாடி பார்க்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

வைத்தீஸ்வரன்கோயில் செவ்வாய்க்குரிய தலம். செவ்வாய் தோஷம், திருமணத் தடை என்று சாமி கும்பிட வருகிறவர்கள், அப்படியே ஓலைச்சுவடி படித்துப் பலன் சொல்லும் நாடி ஜோதிடமும் பார்த்துவிடுவோம் என்று தெருவில் இறங்குவது வழக்கம்.

ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது கட்டைவிரல் ரேகை எடுப்பார்கள். ரேகையை 108 வகையாகப் பிரித்து, அந்த வகைக்குரிய ஓலைக்கட்டைக் கொண்டுவருவதாகச் சொல்வார்கள். ரேகையின் வேலை அதோடு முடிந்தது. ஒரே வகையில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்பதால், உங்கள் ஏடு எது என்பது கேள்வி பதிலில்தான் முடிவாகிறது. அங்கேதான் கண்ணும் காதும் வேண்டும்.

ஒவ்வொரு ஏடாகப் புரட்டிக் கேட்பார்கள், நீங்கள் ஆமாம், இல்லை என்று மட்டும் சொல்லவேண்டும். "அம்மா பேர் நாலெழுத்தா?" இல்லை. "மூணெழுத்தா?" ஆமாம். "அம்மன் பேரா?" இல்லை. "லட்சுமியைக் குறிக்கிற பேரா?" ஆமாம். "க வரிசையில ஆரம்பிக்குமா?" ஆமாம். இனி கமலா என்று சொல்ல ஓலை எதற்கு? பொருந்தாத ஏடுகளை ஒதுக்கிவைப்பதால், சொன்ன 'இல்லை'கள் நமக்கு மறந்துபோகும், 'ஆமாம்' மட்டும் மனதில் நிற்கும். ஒவ்வொரு பதிலும் மிச்சத்தைப் பாதியாகக் குறைத்தால், இருபது கேள்வியில் பத்து லட்சம் பேரில் ஒருவரைப் பிரித்துவிடலாம். சற்று நேரம் கழித்து அதே பெயர்கள் பாட்டாக வரும்போது உடம்பு சிலிர்க்கும். பிறந்த தேதியைச் சொல்லியிருந்தால், ராசி நட்சத்திரம் சரியாக வருவதிலும் அதிசயமில்லை, பஞ்சாங்கமே போதும்.

ஆகவே கூடப் போகிற ஒருவர் வாய் திறக்காமல், கேள்வியையும் பதிலையும் தாளில் எழுதட்டும். வாசித்து முடித்ததும் ஒப்பிட்டால், நீங்கள் சொல்லாத எது வந்தது என்று தெரிந்துவிடும். ஜாதக நகல், வரன் விவரத்தாள் எதுவும் முன்கூட்டியே கொடுக்கவேண்டாம். பெயர் வரும் வரியை ஏட்டில் காட்டச் சொல்லுங்கள். புள்ளியில்லாத பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் கூட இருந்தால் இன்னும் நல்லது.

நாடிப் பலனைக் காண்டம் என்ற பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். முதலில் வரும் பொதுக்காண்டத்துக்குப் பிறகு, திருமணத்துக்கு ஏழாம் காண்டம். வரன் வரும் திசை, வயது, தாமதத்துக்குக் காரணம் எல்லாம் அதில் சொல்வார்கள். "கிழக்கே இருந்து, 27க்குள்" என்பது பலருக்கும் பொருந்தும். காரணம் முன்ஜென்ம வினை என்றால் 13ஆம் சாந்தி காண்டம், அடுத்து 14ஆம் தீட்சை காண்டம். செலவு ஏறுவது இங்கேதான். ஒவ்வொரு காண்டத்துக்கும் தனிக் கட்டணம், ஆகவே எத்தனை காண்டம், என்ன தொகை என்று ரேகை வைக்குமுன்பே பேசிவிடுங்கள். பரிகாரத்தை "நாங்களே செய்துடறோம், பணம் மட்டும் கட்டுங்க" என்றால் வேண்டாம். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கி நீங்களே செய்துகொள்ளலாம்.

பேசி முடித்த சம்பந்தத்தை ஓலையைக் காட்டி முறிப்பதும், "இவளுக்கு இரண்டு தாரம்" என்று படித்ததை உறவில் பரப்புவதும் அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம். மாப்பிள்ளையின் வேலை, கடன், குடிப்பழக்கம் பற்றி அவர் ஊரில் நாலு பேரிடம் விசாரிக்கும் வேலையை எந்தக் காண்டமும் செய்து தராது.