கத்திரிப்பூ புடவையும் ட்யூப் லைட்டும்

"பட்டுப் புடவை கடையில் கத்திரிப்பூ நிறம், வீட்டுக்கு வந்தால் அரக்கு மாதிரி இருக்கிறது. சாயம் போலி, அவ்வளவுதான்."

அக்கா, இதை வைத்து மட்டும் சாயம் போலி என்று சொல்ல முடியாது. புதுச்சேரி துணிக்கடைகளில் பெரும்பாலும் வெள்ளை விளக்குதான். உங்கள் வீட்டில் மஞ்சள் விளக்கு என்கிறீர்கள். மஞ்சள் விளக்கின் ஒளியில் நீலம் குறைவு. கத்திரிப்பூ நிறத்தில் உள்ள நீலம் அதில் அடங்கி, சிவப்பு தூக்கலாகத் தெரியும். கருநீலம் கறுப்பாகத் தெரிவதும் இதனால்தான்.

வெயிலில் பார்க்கச் சொன்ன தம்பி பாதி சரி. உச்சி வெயிலில் பட்டு பளபளத்து நிறம் வெளுத்துத் தெரியும். காலை பத்து மணிக்கு மேல், வெயில் நேராக விழாத ஜன்னலோரம் விரித்துப் பாருங்கள். அங்கே கத்திரிப்பூ திரும்பி வந்தால் காரணம் விளக்குதான். அப்புறம் உள்மடிப்பையும் வெளிமடிப்பையும் அதே இடத்தில் ஒட்டி வையுங்கள். வெளிப்பக்கம் மட்டும் மங்கியிருந்தால் சாயம் வெளுத்திருக்கிறது. ஈர வெள்ளைத் துணியால் ஓரத்தில் தேய்த்தால், சாயம் விடுகிறதா என்பதும் தெரியும்.

கடையில் புடவைக்குப் பொருந்திய ஜாக்கெட் துணி வெளியே பொருந்தவில்லை என்று கடலூர் அண்ணன் சொன்னது வேறு விஷயம். கடையில் பொருந்திய இரண்டு துணி வெளியே பொருந்தாவிட்டால், இரண்டிலும் வேறு வேறு சாயம் என்று அர்த்தம்; எதுவும் மட்டம் என்று ஆகாது.

அடுத்தமுறை ஆர்டர் கொடுக்கும்போது வெறும் 'கத்திரிப்பூ' வேண்டாம். "பகலில் நீலம் தூக்கிய கத்திரிப்பூ, மஞ்சள் விளக்கில் அரக்கு சாயல்" என்று எழுதுங்கள். உங்கள் புடவை சாயம் விடுமா என்பதை அந்த ஈரத்துணிதான் சொல்லவேண்டும்.