குவார்ட்டர்ஸ் சாவியும் முழுப் பணிக்கொடையும்

ரயில்வேயில் ஓய்வுபெற்ற பிறகும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யாதவரிடம் டேமேஜ் ரென்ட் என்ற அபராத வாடகையை வசூலிப்பதை நான் எதிர்க்கவில்லை. ஒருவர் அனுமதிக்கப்பட்ட காலத்தைத் தாண்டித் தங்கினால், அந்த வீட்டுக்காகப் பதிவு செய்துவிட்டு வெளியே அதிக வாடகை கொடுத்துக் காத்திருக்கும் இன்னொரு ஊழியரின் குடும்பம்தான் அதன் சுமையைத் தாங்குகிறது. நான் எதிர்ப்பது, அந்த வாடகைக்கு ஈடாகப் பணிக்கொடை முழுவதையும் நிறுத்திவைக்கும் முறையை. ஓய்வூதியக் கணக்குகளைத் தீர்க்கும் செட்டில்மென்ட் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில், இதனால் குடும்பங்கள் எப்படிச் சிக்கிக்கொள்கின்றன என்பதை விளக்க விரும்புகிறேன்.

1993-ஆம் ஆண்டின் ரயில்வே பணி ஓய்வூதிய விதிகளில் 16-ஆவது விதியின் 8-ஆவது உட்பிரிவுதான் இதற்கு அடிப்படை. ஓய்வுக்குப் பிறகு வீடு காலி செய்யப்படாவிட்டால் பணிக்கொடை, அதாவது நாம் டி.சி.ஆர்.ஜி. என்று சொல்லும் தொகை, முழுவதும் நிறுத்திவைக்கப்பட வேண்டும் என்று அது கூறுகிறது. ஓய்வுபெற்றவர் பொதுவாக 4 மாதங்கள் வழக்கமான வாடகையிலேயே தங்கலாம். பிள்ளைகளின் படிப்பு அல்லது குடும்பத்தில் நோய் என்ற காரணம் இருந்து, அதற்கு அனுமதியும் கிடைத்தால், மேலும் 4 மாதங்கள் இரட்டிப்பு வாடகையில் தங்கலாம். இந்தக் காலத்தில் அவர் தங்குவது முற்றிலும் சட்டப்படியானது. ஆனாலும் பணிக்கொடை வராது, ஏனென்றால் விதி பார்ப்பது அனுமதி இருக்கிறதா என்பதை அல்ல, வீடு காலியாகிவிட்டதா என்பதை மட்டுமே. அனுமதியோடுதானே இருக்கிறோம், பணம் ஏன் வரவில்லை என்று கேட்டு அலுவலகத்துக்கு நடப்பவர்களில் பெரும்பாலோர் இதை அறிந்திருப்பதில்லை.

ஒருவரின் நிலையைக் கணக்காகவே பார்க்கலாம். தொகைகள் கணக்கு எளிதாக இருப்பதற்காக நான் வைத்துக்கொண்டவை. மே 31 அன்று ஓய்வுபெறும் டெக்னீஷியன் ஒருவருக்குப் பணிக்கொடை 12 லட்சம் ரூபாய். சொந்த ஊரில் கட்டிவரும் வீடு கான்கிரீட் போடும் கட்டத்தில் நின்றுபோயிருக்கிறது, அதை முடிக்க 6 லட்சம் தேவை. பணிக்கொடை வந்ததும் வீட்டை முடித்துவிட்டு, அதன் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்யலாம் என்று அவர் காத்திருக்கிறார். அலுவலகமோ, குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகுதான் பணிக்கொடை என்று காத்திருக்கிறது. செப்டம்பர் 30-உடன் 4 மாதம் முடிகிறது. படிக்கும் பிள்ளையும் இல்லை, மருத்துவச் சான்றும் இல்லை என்பதால் நீட்டிப்புக்கு வழியில்லை. அக்டோபர் முதல் டேமேஜ் ரென்ட் ஓடத் தொடங்குகிறது. அது வீட்டின் பரப்பளவைச் சதுர மீட்டர் விகிதத்தால் பெருக்கிக் கணக்கிடப்படுவது. 60 சதுர மீட்டர் வீட்டுக்கு மீட்டருக்கு 200 ரூபாய் என்று கொண்டால் மாதம் 12,000 ரூபாய். கடைசியில் வெளியில் கடன் வாங்கி மார்ச் 31 அன்று அவர் காலி செய்கிறார் என்றால், 6 மாதத்துக்கு 72,000 ரூபாய் பிடித்தம் போக மீதிதான் கைக்கு வரும்.

இழப்பு அத்துடன் நிற்பதில்லை. 12 லட்சம் ரூபாய் 10 மாதம் நிர்வாகத்திடம் வட்டியில்லாமல் கிடந்திருக்கிறது. ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் வங்கியில் போட்டிருந்தால்கூட அந்தக் காலத்துக்கு 70,000 ரூபாய் வந்திருக்கும். வீட்டைக் காலி செய்யாததால் ஏற்பட்ட தாமதத்துக்கு வட்டி கேட்க முடியாது. வசீர் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றமே பணிக்கொடையை நிறுத்திவைத்ததில் தவறில்லை என்று சொல்லிவிட்டது. இவை தவிர, அனுமதியின்றித் தங்கிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஓய்வுக்குப் பிந்தைய இலவசப் பாஸ் ஒரு செட் வெட்டப்படும். ஜூன் மாதமே 8,000 ரூபாய் வாடகையில் ஒரு வீட்டுக்கு மாறியிருந்தால் இதே குடும்பத்துக்கு ஆகும் செலவு இதைவிடக் குறைவு என்பதோடு, 12 லட்சமும் முன்னதாகவே கைக்கு வந்து கட்டுமானமும் நடந்திருக்கும்.

சரி, அந்த 72,000 ரூபாய்க்காக 12 லட்சத்தைப் பிடித்துவைப்பது ஏன்? மற்ற மத்திய அரசு ஊழியர்களுக்கான 1972-ஆம் ஆண்டு ஓய்வூதிய விதிகளில், வீட்டு நிலுவையை உடனே கணக்கிட முடியாத நிலையில் பணிக்கொடையில் 10 சதவீதத்தை நிறுத்திவைக்கலாம் என்றுதான் இருந்தது. நமது எடுத்துக்காட்டில் 10 சதவீதம் என்பது 1,20,000 ரூபாய். அதுவே டேமேஜ் ரென்டுக்கு 10 மாதம் தாங்கும். முழுத் தொகையையும் நிறுத்தினால்தான் வீடு காலியாகும் என்று நிர்வாகத் தரப்பில் வாதிடுவார்கள். சாமர்த்தியமாக வீட்டை வைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு என்பதால் அந்த வாதத்தை நான் முழுவதும் தள்ளிவிடவில்லை. ஆனால் அனுமதித்த 4 மாதத்துக்குள்ளேயே முழுத் தொகையையும் நிறுத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை. அந்தக் காலத்தில் 90 சதவீதத்தை விடுவித்துவிட்டால், வெளியேற விரும்புகிறவருக்கு வெளியேறுவதற்கான பணம் கிடைக்கும்.

பணிக்கொடைக்குள் அடங்காத அளவுக்கு நிலுவை வளர்ந்துவிட்டால், மீதியை ஓய்வூதியத்தின் மீது வழங்கப்படும் அகவிலை நிவாரணத்திலிருந்து அவரது சம்மதம் இல்லாமலேயே பிடிக்கலாம் என்று அதே விதி சொல்கிறது. அடிப்படை ஓய்வூதியத்தில் கைவைக்க இந்தப் பிரிவு இடம் தரவில்லை. மாதாமாதம் வங்கியில் விழும் தொகை திடீரென்று குறைந்திருந்தால், எந்தத் தலைப்பில் பிடித்தம் நடந்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வருங்கால வைப்பு நிதிக்கு 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு இருப்பதால், அது இந்தக் கணக்கில் சேராது.

பிடித்தக் கணக்கில் பிழைகள் அடிக்கடி வருகின்றன. நான் திரும்பத் திரும்பக் கண்டவை இரண்டு. ஒன்று, டேமேஜ் ரென்டை அனுமதிக் காலம் முடிந்த மறுநாளிலிருந்து போடாமல் ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்தே போட்டுவிடுவது. இன்னொன்று, காலி செய்த தேதி. சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனவருக்கு வீடு காலியாகிவிட்டது, ஆனால் அலுவலகப் பதிவேட்டில் காலியாகவில்லை. பணிகள் பிரிவின் பொறியாளரிடம், இன்றும் பலர் ஐ.ஓ.டபிள்யூ. என்றே அழைக்கும் அந்த அலுவலகத்தில், சாவியை ஒப்படைத்துத் வீடு காலி செய்யப்பட்டதைக் குறிக்கும் தேதியிட்ட வெக்கேஷன் மெமோவைக் கையில் வாங்க வேண்டும். மின்மீட்டரின் கடைசி அளவையும் அன்றே எழுதி வாங்க வேண்டும். அந்த மெமோவில் உள்ள தேதியில்தான் டேமேஜ் ரென்ட் நிற்கும்.

தொகை தவறு என்று தோன்றினால், பரப்பளவு, சதுர மீட்டர் விகிதம், தொடக்கத் தேதி, முடிவுத் தேதி ஆகிய நான்கையும் எழுத்தில் கேளுங்கள். தகராறு தீராவிட்டால், பொது வளாகங்களிலிருந்து அனுமதியற்றவர்களை வெளியேற்றுவதற்கான 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட எஸ்டேட் அதிகாரிதான் அதை முடிவு செய்ய வேண்டும். அவர் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பாமல் இழப்பீடு விதிக்க முடியாது. அவரது உத்தரவு கைக்கு வந்தால் 12 நாட்களுக்குள் மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். அந்த உத்தரவை எதிர்த்து மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போனால், அதற்கு இதில் அதிகாரமில்லை என்று மனு திரும்பிவிடும். அதற்குள் இந்த 12 நாட்கள் கடந்துபோயிருக்கும்.