மெற்போமின் தாளில் "மிக அரிது" என்றால் என்ன?

நீரிழிவுக் குளிசையான மெற்போமினின் பெட்டிக்குள் வரும் தகவல் தாளைப் படித்த ஒருவர் இப்படிச் சொல்கிறார்: "மெற்போமின் தாளில் வயிற்றோட்டம் 'மிகப் பொதுவானது', இரத்தத்தில் லக்ரிக் அமிலம் கூடுவது 'மிக அரிது' என்று இருக்கு. முதலாவது எல்லாருக்கும் வரும், இரண்டாவதை விட்டுத்தள்ளலாம்."

அந்தச் சொற்கள் எத்தனை பேருக்கு வரும் என்பதை மட்டுமே சொல்கின்றன, எவ்வளவு ஆபத்து என்பதை அல்ல. "மிகப் பொதுவானது" என்றால் 10 பேரில் ஒருவருக்கு மேல். பலருக்கு வராது. வந்தாலும் பெரும்பாலும் தொடக்கத்தில்தான். சாப்பாட்டோடு குளிசையைப் போட்டால் குறையும்.

"மிக அரிது" என்பது 10,000 பேரில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும், வாந்தி, வயிற்றோட்டம், காய்ச்சலால் உடம்பில் நீர் வற்றியவர்களுக்கும் இந்த ஆபத்துக் கூடும். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வாந்தி, வயிற்றுவலி, தசைப்பிடிப்பு, கடும் களைப்போடு மூச்சு வாங்கினால் குளிசையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீர் வற்றும் வருத்தம் வந்தாலே, அடுத்த குளிசைக்கு முன் டொக்டரைக் கேளுங்கள்.

மெற்போமின் போடும் தன் அம்மாவுக்குக் கால் ஏன் விறைக்கிறது என்று இன்னொருவர் கேட்டிருந்தார்: அது நீரிழிவாலும் வரலாம், மெற்போமினால் விற்றமின் பி12 குறைந்தும் வரலாம். இரத்தம் பார்க்காமல் சொல்ல முடியாது.

தாளின் பக்கவிளைவுப் பகுதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்திலேயே எண் இருக்கும், பாருங்கள். கிளினிக்கில் கடதாசிப் பையில் தரும் குளிசையோடு தாள் வராது. பையிலுள்ள பெயரைக் காட்டி மருந்தாளரிடம் கேட்கலாம்.